படம் சொல்லாததைப் படக்குறிப்பு சொல்லலாமா? கிளவியாக்கத்தின் ஐய விதிகளும் சமூக ஊடகப் படக்குறிப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

சமூக ஊடகங்களில் ஒளிப்படத்தோடு வெளியாகும் தமிழ்ப் படக்குறிப்புகள், படத்தில் காண இயலாத செய்திகளையும் கண்டதுபோல் உரைக்கின்றன. ஐயத்திற்கு இடமான பொருளைச் சுட்டும் முறையைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்துள்ளது. அவ்விதிகளின் அடிப்படையில், கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியைக் களமாகக் கொண்ட ஒரு மாதிரிக் குறிப்பைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, திருத்தும் நெறி ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: படக்குறிப்பு, ஐயக்கிளவி, அன்மைக்கிளவி, உயர்சொல், கொல்லிமலை.

1. முன்னுரை

2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் நிகழ்ந்தபின், அஞ்சிய சிறுமி ஒருத்தியைச் சிறுவன் ஒருவன் அணைத்திருக்கும் படம் உலகெங்கும் பகிரப்பட்டது. நிலநடுக்கத்தில் சிக்கிய அண்ணனும் தங்கையும் என்பதே அதனுடன் பரவிய குறிப்பு. அப்படத்தை எடுத்தவர் வியட்நாமிய ஒளிப்படக் கலைஞர் நா சோன் நுயென், எடுத்த இடம் அந்நாட்டின் வடக்கில் அப்போதிருந்த ஹா ஜாங் மாகாணம், ஆண்டு 2007. பெற்றோர் வயலில் வேலை செய்துகொண்டிருக்க, வீட்டின் முன் விளையாடிய குழந்தைகள் அவர்கள். அயலாரைக் கண்டு சிறுமி அழ, சிறுவன் தேற்றினான். இதே படம் முன்னரும் ஆதரவற்ற குழந்தைகள் என்றும், சிரியப் போரில் பாதிக்கப்பட்டோர் என்றும் வலம்வந்திருந்தது.

இங்குப் படம் பொய்யன்று. இரு குழந்தைகள், அணைப்பு, அச்சம் ஆகியவை படத்தில் உள்ளன. இடம், காலம், அச்சத்தின் காரணம் ஆகிய மூன்றும் அதில் இல்லை. பிழை முழுவதும் இம்மூன்றிலேயே நேர்ந்தது. இவ்விடைவெளியைத் தமிழ் மொழியமைப்பு எவ்வாறு மறைக்கிறது, எவ்வாறு வெளிப்படுத்த உதவும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. கிளவியாக்கம் காட்டும் நெறி

தமிழ் வினைமுற்று திணை, பால், எண் ஆகியவற்றை ஈற்றிலேயே உணர்த்துவது. எனவே சொல்பவர் அறியாததையும் அறிந்தவராகக் காட்டும் கட்டாயம் அதில் உண்டு. தொல்காப்பியர் இதனை உணர்ந்து மூன்று வழிகளைத் தருகிறார். உயர்திணை என்பது தெரிந்து ஆணா பெண்ணா என ஐயுறின், அத்திணைக்குரிய பன்மையால் கூறவேண்டும். மக்களா பிறிதொன்றா எனத் திணையிலேயே ஐயுறின், ‘உருவு’ போன்ற பொதுச்சொல்லால் சுட்டலாம். ஐயம் தீர்ந்தபின் அல்லாததை விலக்கும் அன்மைக்கிளவி, உண்மையில் உள்ள பொருளைச் சார்ந்து வரும். அதன் ஈறும் அப்பொருளுக்குரியதாகவே அமையும் என்பதை உரைகள் விளக்குகின்றன.

இவ்விதிகள் திணை, பால், எண் பற்றியவை. இடம், காலம், காரணம் பற்றியவை அல்ல. ஆயினும் அவற்றின் உள்ளீடான கொள்கை ஒன்றே: அறிந்த அளவிற்கு ஏற்ற சொல்லைத் தேர்தல் வேண்டும், அறியாத கூறு எஞ்சின் பொதுச்சொல்லுக்கு ஏறுதல் வேண்டும். இக்கொள்கையையே படக்குறிப்புக்கு விரித்துப் பொருத்துகிறோம்.

3. மாதிரிக் குறிப்பும் ஆய்வும்

பின்வரும் படத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெண் ஒருவர் பாறைமீது அமர்ந்து முறத்தால் தானியம் புடைக்கிறார், முகத்தில் முறுவல், பின்னே மலைச்சரிவு. அதற்கான குறிப்பு: “முள்ளுக்குறிச்சியில் சாமை புடைக்கும் மலையாளி மூதாட்டி. வறுமையிலும் சிரிக்க மறக்காதவள்.” வழக்கமான நடையில் அமைந்த இவ்விரு தொடர்களில் படம் உறுதிசெய்வது ‘புடைத்தல்’ ஒன்றையே.

‘முள்ளுக்குறிச்சி’ நாமக்கல் மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். செம்மேடு போன்றவை மலைமேல் உள்ள ஊர்கள். பின்னணிச் சரிவைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. படமெடுத்தவரின் கூற்றோ, பெயர்ப்பலகை உள்ள மற்றொரு படமோ வேண்டும். அவை இல்லையெனில் ‘கொல்லிமலைப் பகுதி’ என்பதே பொதுச்சொல்.

‘சாமை’ கொல்லிமலையில் விளைவதே. தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியனவும் அங்கு விளைவனவே. கதிர் படத்தில் இருந்தால் வேறுபாடு காணலாம்: தினைக்கதிர் செறிந்து வால்போல் தொங்கும், சாமைக்கதிர் கலைந்து விரிந்திருக்கும். முறத்தில் மணி மட்டும் இருப்பின் ‘தானியம்’ என்பதோடு நிற்பதே முறை.

‘மலையாளி’ என்பது தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளுள் ஒன்றின் பெயர்; கொல்லிமலையில் பெரும்பான்மையினர் இவர்களே. வெளியூர் வாசகர் அச்சொல்லைக் கேரளத்தாரைக் குறிப்பதாகவே கொள்வர். அதனினும் அடிப்படையான தடை, இனஅடையாளம் தோற்றத்தால் அறியப்படுவதன்று என்பது. உரியவர் தாமே கூறி, வெளியிடவும் இசைந்தால் மட்டுமே அச்சொல் இடம்பெறலாம். அப்போதும் ‘மலையாளிப் பழங்குடியினர்’ என்ற தெளிவு தேவை.

‘புடைக்கும்’ என்னும் பெயரெச்சம் காலத்தை நழுவவிடுகிறது. என்றும் நிகழ்வதுபோல் தோன்றச் செய்வதால், பழைய படமும் இன்றையதாகிவிடும். கோப்பின் பெயரும் இங்கு ஏமாற்றும். `IMG-20240803-WA0012.jpg` என்பதிலுள்ள நாள், ஆன்டிராய்டு அலைபேசியில் வாட்ஸ்அப் வழியே அப்படம் வந்துசேர்ந்த நாளேயன்றி எடுத்த நாளன்று. படமாக அனுப்பும்போது படக்கருவி பதிந்த நாள், இடக் குறிப்புகளை அச்செயலி நீக்கிவிடுகிறது. எனவே மூலக்கோப்பைக் கேட்டுப் பெறவேண்டும். பெற்றபின்னும் கருவியின் கடிகாரம் சரியாக இருந்ததா என வினவவேண்டும்.

4. தொனி

இரண்டாம் தொடர் செய்தியன்று, தீர்ப்பு. ‘வறுமை’க்குப் படத்தில் சான்றில்லை, முறமும் பாறையும் தொழிற்கருவிகளே. ‘உம்’ என்னும் இடைச்சொல் (வறுமையிலும்), வறியோர் சிரிப்பது வியப்புக்குரியது என்ற கருத்தையும் உடன் ஏற்றுகிறது. முறுவல் ஒளிப்படக்கருவியைக் கண்டு எழுந்ததாகவும் இருக்கலாம்.

‘மறக்காதவள்’ என்னும் ஈறு தனியே நோக்கத்தக்கது. ஒருவரைப் பன்மையால் கூறுவதை வழக்கில் வரும் உயர்சொல்லாகக் கிளவியாக்கம் காட்டுகிறது. இக்காலத்தில் அதுவே அறிமுகமில்லாதவரைச் சுட்டும் இயல்பான வடிவம். ஆட்சியர் ‘வந்தார்’ என்றும் மலைப்பெண் ‘சிரித்தாள்’ என்றும் ஒரே பக்கத்தில் எழுதுவது, கூறாமலே தரவரிசை கூறுவதாகும். ‘ஆர்’ ஈறு மதிப்பையும் காக்கிறது. பால் ஐயமான இடத்தில் தொல்காப்பிய நெறியையும் நிறைவேற்றுகிறது.

ஐயத்தை உணர்த்த ‘ஆம்’ என்னும் ஒட்டைச் சேர்ப்பதும் தீர்வாகாது. ‘சாமையாம்’ என்பது கேள்விச்செய்தியையும் உணர்த்தும். நம்பாமையையும் ஏளனத்தையும் உணர்த்தும். எழுத்தில் குரல் வேறுபாடு இல்லாமையால் இரண்டையும் பிரிக்க இயலாது. கூறியவரைச் சுட்டி ‘என்றார்’ என முடிப்பதே தெளிவு.

5. திருத்திய வடிவம்

படமெடுத்தவர் இடத்தையும் திங்களையும் உறுதிசெய்து, படத்திலுள்ளவரும் தானியத்தின் பெயரைக் கூறி வெளியிட இசைந்தார் எனக் கொண்டால், குறிப்பு இவ்வாறு அமையும்: “கொல்லிமலை அடிவாரம், முள்ளுக்குறிச்சி. பாறைமீது தானியம் புடைக்கிறார் ஒரு பெண். அது சாமை என்றார் அவர். படம் எடுத்தது: 2024 ஆகஸ்ட்.” கண்டது ‘புடைக்கிறார்’ என நேர்முற்றாகவும், கேட்டது ‘என்றார்’ எனவும், படத்தின் காலம் தனித்தொடராகவும் நிற்கின்றன. உறுதிப்படாதவை ஐயச்சொல்லோடு தங்காமல் முற்றும் நீங்கின.

வெளியான பின் பிழை தெரியின் அன்மைக்கிளவி நெறி உதவும். ‘இது சாமை என்று பரவும் செய்தி தவறு’ எனத் தொடங்கும் திருத்தம் பிழையையே முதலில் நினைவில் ஊன்றும். ‘படத்தில் இருப்பது பனிவரகு, சாமை அன்று’ என்பது உண்மைப் பொருளை முன்னிறுத்தி மறுக்கிறது.

6. முடிவுரை

படக்குறிப்பின் பிழைகள் பெரும்பாலும் சொற்பஞ்சத்தால் நேர்வன அல்ல. ஐயமுள்ள இடத்தில் சிறப்புச்சொல்லைப் பெய்வதால் நேர்வன. தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் தெரியாதபோது என்ன சொல்வது என்று வினவிய இலக்கணம், திரையில் தெரியும் உருவுக்கும் விடை வைத்திருக்கிறது. இந்நெறி காலம், இடம், காரணம் ஆகியவற்றுக்கு இலக்கண விதியாகாது. எழுதுவோர் தம் தொடரின் ஒவ்வொரு சொல்லையும் ‘கண்டதா, கேட்டதா, கருதியதா’ என வினவும் சோதனையாகவே அமையும். கருதியது என விடை வரும் சொல் நீங்கத்தக்கது.