எதற்காக நன்றி?

சமூக மன்றத்தில் பொங்கல் விழா முடிந்த அன்றிரவு, ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் 18 தொண்டூழியர்களுக்கும் ஒரு குறுஞ்செய்தி எழுதினார். “விழா சிறப்பாக நடைபெற ஒத்துழைத்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.”

அனுப்பும் முன் அதைப் படித்துப் பார்த்தார். பிழை ஏதும் இல்லை. ஆனால், அதை எந்த விழாவுக்கும் அனுப்பலாம். பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவருக்கும்கூட அது பொருந்தும். எனவே, அந்தச் செய்தியைக் குழுவுக்குப் பொதுவாக அனுப்பிவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத முடிவு செய்தார்.

முதலில் பணிப்பட்டியலை எடுத்தார். யாருக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டது என்பது அதில் இருந்தது. உண்மையில் யார் என்ன செய்தார் என்பது அதில் இல்லை. எடுத்துக்காட்டாக, காலையில் மழை தூறியபோது கோலம் கலையாமல் காப்பாற்றப்பட்டது. கோலக் குழுவின் தலைவிதான் அதைச் செய்திருப்பார் என்று அவர் எண்ணினார். மறுநாள் கேட்டபோது, “நான் இல்லை, அண்ணா. நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த தம்பிதான் ஓடி வந்தான்,” என்றார் தலைவி. விசாரிக்காமல் எழுதியிருந்தால், செய்யாதவருக்கு நன்றி போயிருக்கும்; செய்தவன் மனம் நொந்திருப்பான்.

பிறகு அந்த மாணவனுக்கு இவ்வாறு எழுதினார்:

“தம்பி, நேற்றுக் காலை மழை தூறியபோது கோலத்தின் அருகில் யாரும் இல்லை. நீ நாற்காலிகளை வைத்துவிட்டு, நெகிழி விரிப்பைக் கொண்டுவந்து அதன்மேல் பிடித்துக்கொண்டாய். அதனால்தான், பின்னர் வந்த முதியோர் கோலத்தை முழுமையாகப் பார்க்க முடிந்தது. மிக்க நன்றி.”

இச்செய்தியில் மூன்று செய்திகள் உள்ளன: அப்போதைய நிலைமை, அவன் செய்த செயல், அதனால் விளைந்த பயன். பயனைச் சொல்லாவிட்டால் அது வெறும் அறிக்கையாகிவிடும். “நீ இல்லாவிட்டால் விழாவே நடந்திருக்காது” என்று அவர் எழுதவில்லை. அது உண்மையன்று என்பது அவனுக்கே தெரியும்; மிகைப்படுத்தினால் மற்றச் சொற்களையும் அவன் நம்பமாட்டான்.

எல்லாருக்கும் இப்படி ஒரு நிகழ்ச்சி கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவிய இரு மாணவிகளைப் பற்றிக் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. அவர்களுக்குச் செயலாளர் எளிமையாக எழுதினார்: “எல்லாரும் வீடு திரும்பிய பிறகும், அடிபிடித்த பானைகளைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுச் சென்றீர்கள். காலையில் சமையலறையைத் திறந்தவர்களுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. நன்றி.”

அன்று மாலை அந்த மாணவனிடமிருந்து பதில் வந்தது. “நான் செய்ததை யாருமே பார்க்கவில்லை என்று நினைத்தேன், அண்ணா.”