விசா மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும் இடம்

பிரிட்டனுக்கான விசிட் விசா மறுக்கப்பட்டால் வரும் கடிதம் சாதாரணமாக இரண்டு மூன்று பக்கம் இருக்கும். அதில் மறுப்புக்கான காரணம் சில வாக்கியங்களில்தான் இருக்கும். மற்றதெல்லாம் எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே மாதிரி போகும் அச்சு வாசகம். வீட்டில் அந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் முதலில் கண்ணில் படும் முடிவுப் பத்தியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்: ‘பயணம் முடிந்ததும் நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.’ உடனே ‘அம்மா கண்டிப்பாகத் திரும்பி வருவார்’ என்று மகனோ மகளோ உருக்கமாக ஒரு கடிதம் எழுதி, அதே ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பிப்பார்கள். அந்த வாக்கியம் முடிவு மட்டுமே. காரணம் அதற்கு இரண்டு மூன்று பத்திகள் மேலே இருக்கிறது. முடிவுக்குப் பதில் சொல்வதால் காரணம் அப்படியே நிற்கும். இரண்டாவது விண்ணப்பமும் அதே இடத்தில் விழும்.

கடிதத்தைப் பிரிக்க ஒரு பென்சில் போதும். ‘நீங்கள் கூறியுள்ளீர்கள்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் விண்ணப்பத்தில் எழுதியதை அதிகாரி திருப்பிச் சொல்பவை. ‘நான் கவனிக்கிறேன்’, ‘ஆனால் நீங்கள் சமர்ப்பித்த வங்கிக் கணக்கில்’ என்று தொடங்குபவை அவர் கண்டவை. ‘ஆகவே எனக்குத் திருப்தி இல்லை’ என்பது முடிவு. சொன்னதும் கண்டதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கேதான் காரணம். ஒவ்வொன்றையும் சொந்த வார்த்தையில் ஒரே வரியாக எழுதி, பக்கத்தில் அது எந்த விதியின் கீழ் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

விதிகள் அதிகமில்லை. பிரிட்டிஷ் குடிவரவு விதிகளில் விசிட்டருக்கான பகுதியில் வி 4.2 என்ற பத்திதான் ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் வருகிறது. அதன் (ஏ) பயணம் முடிந்து திரும்புவதைப் பற்றியது. (பி) அடிக்கடி போய்வந்து அங்கேயே வாழ்வதைத் தடுப்பது. (சி) வரும் நோக்கம் உண்மையா என்பது. (டி) வேலை போன்ற தடைசெய்யப்பட்ட காரியங்கள். (இ) செலவுக்குப் பணம் இருக்கிறதா என்பது. செலவை வேறொருவர் ஏற்றால் வி 4.3 சேரும்: உறவு உண்மையானதா, அவரால் முடியுமா, சொன்னபடி செய்வாரா என்று பார்ப்பார்கள்.

இந்த முடிவை எடுப்பவர் பிரிட்டிஷ் உள்துறையின் அதிகாரி. சென்னையில் கைரேகையும் போட்டோவும் எடுத்து ஆவணம் வாங்கும் மையத்துக்கு அதில் பங்கில்லை. அங்கே போய் விளக்கம் கேட்பது வீண். விசிட் விசாவுக்குப் பெரும்பாலும் நேர்காணலும் கிடையாது. ஃபைலில் இல்லாத எதுவும் அதிகாரியைப் பொறுத்தவரை இல்லாததுதான்.

பாலவாக்கத்தில் தனியாக வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். லண்டனில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். ஐந்தரை மாதம் தங்குவதாக விண்ணப்பித்திருக்கிறார். மாத வருமானம் 65,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். வங்கிக் கணக்கில் 41,000 ரூபாய் பென்ஷன் மட்டுமே வருகிறது. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு 6 லட்சம் வரவாகியிருக்கிறது. கணவர் இல்லை, மகன் அமெரிக்காவில். மறுப்புக் கடிதம் மூன்று பக்கம்.

பென்சிலோடு படித்தால் அது நான்கு வரியில் சுருங்குகிறது. சொன்ன வருமானத்துக்கும் கணக்குக்கும் 24,000 ரூபாய் இடைவெளி. ஆறு லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதாக எழுதியிருப்பதால் நோக்கம் சந்தேகத்துக்குரியது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்க, இந்தியாவுக்குத் திரும்ப என்ன பிடிமானம் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் இரண்டும் (இ), மூன்றாவது (சி), நான்காவது (ஏ).

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: ஆவணம் வைக்கவில்லையா, வைத்தும் அதிகாரி கவனிக்கவில்லையா, இரண்டு ஆவணம் ஒன்றோடொன்று முரண்படுகிறதா, அல்லது விஷயமே பலவீனமா? மறுபடி என்ன செய்வது என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

இந்த அம்மாவின் 24,000 ரூபாய், மாடிப் போர்ஷனின் வாடகை. கையில் ரொக்கமாக வாங்கிச் செலவழிப்பதால் கணக்கில் ஏறவில்லை. இது வைக்காத ஆவணம். வாடகை ஒப்பந்தமும் வருமான வரி ரிட்டர்னில் அந்த வாடகை காட்டப்பட்டிருப்பதும் இருந்தால் இடைவெளி மூடிவிடும். ரிட்டர்னில் வாடகையே காட்டவில்லை என்றால் நிலைமை வேறு: அப்போது வருமானம் 41,000 என்றே எழுதுவது நல்லது. அதோடு முந்தைய விண்ணப்பத்தில் 65,000 என்று எழுதியது ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இனி வாடகையை வங்கி வழியாக வாங்கினால் சில மாதத்தில் கணக்கே பேசும்.

ஆறு லட்சத்தில் 4 லட்சம் முதிர்ந்த ஃபிக்சட் டெபாசிட். அதற்கு வங்கிக் கடிதம் கிடைக்கும். மீதி 2 லட்சம் தெருவில் நடத்தும் சீட்டில் எடுத்தது. பதிவு இல்லாத சீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தைத் தவிர அத்தாட்சி இல்லை. அந்தப் பணத்தை நம்பிப் பயணச் செலவைக் கணக்குப் போடாமல், அது என்ன பணம் என்று நேர்மையாக ஒரு வரி சொல்லி விட்டுவிடுவதே சரி. இருப்பைப் பெரிதாகக் காட்ட உறவினரிடம் வாங்கிப் போட்டு எடுக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அதிகாரிகள் முதலில் தேடுவதே அதைத்தான்.

மூன்றாவது காரணத்தில் பிழை வார்த்தையில் இருக்கிறது. பேரனைப் பார்க்கப் போகும் பாட்டி குழந்தையைக் கவனித்துக்கொள்வதை பிரிட்டிஷ் வழிகாட்டுதல் தடுக்கவில்லை. குறுகிய பயணமாக இருக்க வேண்டும், சம்பள ஆயா வேலைக்கு ஈடாகக்கூடாது என்பதே நிபந்தனை. ‘மகள் வேலைக்குத் திரும்புவதால் குழந்தையை நான் பார்த்துக்கொள்ளப் போகிறேன்’ என்று எழுதி, ஆறு மாத உச்சவரம்பை ஒட்டி நாள் கேட்டால், அது பயணமாகத் தெரியாது. இது ஆவணத்தால் தீராத பலவீனம்; திட்டத்தையே மாற்ற வேண்டும். பிரசவத்தை ஒட்டி ஆறேழு வாரம், மகளின் மகப்பேறு விடுப்புக் கடிதம், மருத்துவமனை குறித்த தேதி என்று கேட்டால், அதே காரியம் வேறு விதமாகத் தெரியும். தேதியைக் குறைப்பதை வீட்டில் யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் செலவுக் கணக்கும் அதோடு குறைகிறது என்பதால் (இ)க்கும் அது உதவுகிறது.

நான்காவதில்தான் பாலவாக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். வீடு அவர் பெயரில் இருக்கிறது, பத்திரம் வைக்கவில்லை. இப்போது எடுத்து வைத்தால், பழைய பத்திரத்தில் ‘பாலவாக்கம் கிராமம், காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டிலும் சொத்து வரி ரசீதிலும் சென்னை. ஊராட்சியாக இருந்த பாலவாக்கம் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. இங்கே இருப்பவருக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயம். வெளிநாட்டில் உட்கார்ந்து படிக்கும் அதிகாரிக்கு அவை இரண்டு வேறு முகவரிகள். கவரிங் லெட்டரில் இரண்டு வரி எழுதி, பத்திரத்தையும் வரி ரசீதையும் அடுத்தடுத்து வைத்தால் புது முரண்பாடு முளைக்காது. தமிழில் உள்ள பட்டா, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பகுதி மிச்சமுள்ள வழிகளைச் சொல்கிறது, அதாவது பெரும்பாலும் வழி இல்லை என்று சொல்கிறது. மேல்முறையீடு இல்லை, நிர்வாக மறுபரிசீலனையும் இல்லை. குடும்பத்தாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்பு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமை 2013 ஜூன் 25-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே நடைமுறையில் வழி புது விண்ணப்பம்தான். கட்டணம் திரும்ப வராது. மறுபடி முழுதாகக் கட்ட வேண்டும். இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஆனால் சூழ்நிலை மாறாவிட்டால் மறுபடியும் மறுக்கப்பட வாய்ப்புண்டு என்று கடிதமே எச்சரிக்கிறது. வைக்காத ஆவணம் மட்டுமே குறை என்றால் அடுத்த வாரமே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு தெளிய வேண்டும் என்றால் ஆறு மாத ஸ்டேட்மென்ட் சேரும்வரை பொறுப்பது நல்லது.

ஆவணம் வைத்திருந்தும் அதிகாரி அதை இல்லை என்று எழுதியிருந்தால் நீதிமன்ற மறுஆய்வு என்று ஒரு வழி உண்டு. முடிவு வந்த மூன்று மாதத்துக்குள், தாமதமின்றித் தொடங்க வேண்டும். வழக்குக்கு முன் உள்துறைக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் சொல்ல 14 நாள் கொடுப்பது வழக்கம். சில சமயம் அதிலேயே முடிவைத் திரும்பப் பெற்று மறுபடி பரிசீலிப்பார்கள். ஆனால் லண்டன் வழக்கறிஞர் செலவு புது விண்ணப்பக் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டும். பிரசவத் தேதி நெருங்கும்போது அந்த ஆவணத்தைப் பக்க எண்ணோடு சுட்டிக்காட்டி மறுபடி விண்ணப்பிப்பதே விவேகம்.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத ஒரு வகை உண்டு. கடிதத்தில் பொய்த் தகவல் அல்லது போலி ஆவணம் என்ற குற்றச்சாட்டு வருவதுதான் அது. ஏமாற்றியதாகவே அதிகாரி முடிவு செய்திருந்தால் அடுத்த விண்ணப்பங்களும் பத்து ஆண்டு வரை மறுக்கப்படலாம். ஏஜென்ட் தன் இஷ்டத்துக்குச் சேர்த்த போலி ஸ்டேட்மென்டும் இதில் அடங்கும். விண்ணப்பதாரருக்குத் தெரியாது என்பது மட்டும் காப்பாற்றாது. இதற்கு அவசரமாக மறுவிண்ணப்பம் போடாமல், பிரிட்டனில் முறையாகப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ கடிதத்தைக் காட்ட வேண்டும்.

புது விண்ணப்பத்தின் கவரிங் லெட்டர் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பழைய மறுப்பின் தேதியும் குறிப்பு எண்ணும் முதல் வரியில். பிறகு பிரித்தெடுத்த நான்கு காரணமும் அதே வரிசையில், ஒவ்வொன்றின் கீழும் இப்போது மாறியது என்ன, ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்பது. மகள் செலவை ஏற்கிறார் என்றால் அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, குடியிருப்பு ஆதாரம், விசா நிலை எல்லாம் சேர வேண்டும். அதிகாரியின் தவறைச் சாடும் வாக்கியங்கள் எதற்கும் உதவாது.

படிவத்தில் ‘இதற்கு முன் எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு இனி எப்போதும் ‘ஆம்’ என்பதே பதில். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை குடிவரவுத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு மறுப்பை மறைத்தால், வி 4.2-இல் முடிந்திருக்க வேண்டிய விஷயம் பொய்த் தகவல் குற்றச்சாட்டாகிவிடும்.