ஊர் மாறியாச்சு, லைசென்ஸ் இன்னும் பழைய முகவரியிலா?

மதுரையிலிருந்து கோவைக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள் லைசென்ஸ் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். ‘இது மதுரை லைசென்ஸ், இங்கே செல்லாது’ என்று நினைத்து, மறுபடி எல்.எல்.ஆர். போட்டுப் புதிதாக ஒன்று வாங்கப் பார்ப்பார்கள் சிலர். ‘எங்கே போனாலும் செல்லும்தானே’ என்று பழைய முகவரியோடே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள் மற்றவர்கள்.

முதல் தவறுதான் ஆபத்தானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 13ஆம் பிரிவின்படி எந்த ஊரில் வாங்கிய உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும். 6ஆம் பிரிவின்படி, நடப்பிலிருக்கும் ஓட்டுநர் உரிமம் ஒன்றை வைத்திருப்பவர், எல்.எல்.ஆர். போன்ற சில விதிவிலக்குகள் தவிர, இன்னொன்றை வைத்திருக்கக் கூடாது. ஆக, மாவட்டம் மாறும்போது புது லைசென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற லைசென்ஸில் முகவரி மட்டும் மாறுகிறது. எண் அதேதான், டி.என். 59 என்று தொடங்குகிற மதுரை வடக்கு எண், கோவையில் அச்சாகி வரும் கார்டிலும் அப்படியே இருக்கும். பழைய கார்டைத் திருப்பிக் கொடுப்பதும் இதனால்தான். ஒரே எண்ணில் இரண்டு முகவரியோடு இரண்டு கார்டுகள் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. கார்டைக் கொடுத்துவிட்டால் ஓட்டும் உரிமையே போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

இரண்டாவது தவறு உடனே வலிக்காது. வண்டியை நிறுத்திச் சோதிக்கிற காவலர் பார்ப்பது செல்லுபடித் தேதியையும் வாகன வகையையும்தான். சிக்கல் வேறு இடத்தில் வரும். புது அலுவலகம் சம்பளக் கணக்கு தொடங்கச் சொல்லும். லைசென்ஸை அடையாளச் சான்றாக நீட்டுவீர்கள். அதில் மதுரை முகவரி இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, மின்கட்டண ரசீது போன்ற வேறொரு முகவரிச் சான்றை வைத்துக் கணக்கைத் தொடங்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் இப்போதைய முகவரியுள்ள அடையாள ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். எப்படியும் செய்யவேண்டிய வேலை, அந்த மூன்று மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது.

முதலில் ஆதார்

வேலையை ஆர்.டி.ஓ. ஆபீஸில் தொடங்காமல் ஆதாரில் தொடங்குங்கள். முகவரி மாற்றம், ஆதார் சரிபார்ப்போடு இணையத்திலேயே பெறக்கூடிய சேவைகளில் ஒன்று என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச்சில் அறிவித்தது. அந்த வழியில் போனால் உங்கள் பெயரும் முகவரியும் ஆதாரிலிருந்தே எடுக்கப்படும். ஆதாரில் இன்னும் மதுரை முகவரி இருந்தால், கோவை முகவரிக்கு மாற்ற அந்த வழி பயன்படாது.

வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும், அது உங்களுக்கு உதவாது. வாடகை ஒப்பந்தத்தை முறையாக எழுதிக் கையில் வைத்திருந்தால், அதைக் கொண்டு ஆதார் முகவரியை மாற்ற விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் சமையல் எரிவாயு இணைப்பைப் புது வீட்டுக்கு உங்கள் பெயரில் மாற்றி, அந்த ரசீதைக் காட்டலாம். கணவன், மனைவி இருவரில் ஒருவர் ஆதார் மாறிவிட்டால் மற்றவர் குடும்பத் தலைவர் முகவரியின் அடிப்படையில் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தின் எச்.ஆர். கொடுக்கிற முகவரிக் கடிதம் ஆர்.டி.ஓ.வில் போதும் என்று எண்ணிப் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் சான்றுப் பட்டியலில் சம்பளச் சீட்டு இருக்கிறது, ஆனால் அது மத்திய, மாநில அரசு அலுவலகமோ உள்ளாட்சி அமைப்போ கொடுத்ததாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே கோவை முகவரி இருந்தால் அது செல்லும். பெரும்பாலானவர்களுக்கு ஆதார்தான் எளிய வழி.

ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

இணையத்தில் எப்படி

ஒரு கற்பனை உதாரணம். மதுரை வடக்கில் லைசென்ஸ் எடுத்த ஒரு பெண்ணுக்குக் கோவை பீளமேட்டில் வேலை. ஆதார் முகவரி மாறிவிட்டது. `parivahan.gov.in` வழியாக சாரதி தளத்துக்குப் போய்த் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுநர் உரிமச் சேவைகள் பகுதியில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுக்கிறார். அவருடைய படமும் விவரமும் திரையில் வருகின்றன. கோவையில் தெற்கு டி.என். 37, வடக்கு டி.என். 38, மத்தியம் டி.என். 66 என்று பல அலுவலகங்கள் உண்டு. வேலை செய்யும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், குடியிருக்கும் வீட்டின் பின்கோடு எந்த அலுவலகத்தில் வருகிறதோ அதை எடுக்க வேண்டும். பீளமேட்டில் அலுவலகமும் சூலூர் பக்கம் வீடும் இருந்தால் வீடுதான் கணக்கு.

அடுத்து வருவது சேவைகளின் பட்டியல். இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். எடுக்க வேண்டியது `Change of Address in DL` என்ற வரி. அதே பட்டியலில் `Surrender of COV` என்றும் ஒன்று இருக்கும். ‘பழையதைத் திருப்பிக் கொடுக்கணுமே, இதுதானே’ என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். லைசென்ஸில் இருக்கிற ஒரு வாகன வகையை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் சேவை அது. பைக், கார் இரண்டும் இருப்பவர் காரை இழக்கலாம்; கம்பெனி வண்டி ஓட்டிப் பிழைப்பவர் போக்குவரத்து வாகன வகையை இழந்தால் வேலைக்கே பாதிப்பு. பழைய கார்டை ஒப்படைப்பது முகவரி மாற்ற விண்ணப்பத்துக்குள்ளேயே அடங்கிய வேலை, அதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. இணைய மையத்தில் உட்கார்ந்து வேறொருவர் நிரப்பித் தருகிறார் என்றால், பணம் கட்டும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி இந்த ஒரு வரியை நீங்களே பாருங்கள்.

லைசென்ஸ் ஒரு வருடத்துக்குள் முடியப்போகிறது என்றால் புதுப்பித்தலையும் சேர்த்தே விண்ணப்பித்துவிடலாம். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே அதற்குச் சட்டம் இடம் தருகிறது. 40 வயதைத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். முகவரி மாற்றத்துக்கு மட்டும் என்றால் ஓட்டிக் காட்டும் தேர்வு கிடையாது.

கட்டணம் மத்திய விதிப்படி 200 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கும் சேவைக்கும் உரிய தொகை அதோடு சேரும். மொத்தம் திரையிலேயே தெரியும். வெளியில் யாராவது அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அது அரசுக்குப் போகிற பணம் அல்ல. பணம் கட்டியதும் வருகிற ஒப்புகைச் சீட்டில் விண்ணப்ப எண் இருக்கும். பிறகு நிலவரம் பார்க்க அதுதான் சாவி, பத்திரப்படுத்துங்கள்.

பழைய கார்டு

நேரில் வரவேண்டும் என்றால் தேதியும் நேரமும் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அன்றைக்கு ஒப்புகைச் சீட்டு, ஆதார், பழைய கார்டின் அசல் மூன்றும் கையில் இருக்கட்டும். கார்டைக் கொடுக்கும் முன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கார்டு வந்ததும் பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, வாகன வகை, ஒவ்வொரு வகைக்கும் உரிய தேதி எல்லாம் பழையதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட அந்தப் படம் வேண்டும். தவறு இருந்தால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவிப்பது எளிது. வருடங்கள் கழித்து நிரூபிப்பது கடினம்.

பழைய கார்டு தொலைந்துவிட்டதா? அலுவலகம் கேட்கும்போது தேடிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை நீங்களே பதிந்து எடுத்துக்கொண்டு, நகல் லைசென்ஸுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

கார்டைக் கொடுத்துவிட்டுப் புதியது வரும்வரை வண்டி ஓட்ட டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலி போதும். மின்னணு வடிவில் காட்டும் லைசென்ஸை ஏற்கலாம் என்று மத்திய விதி 139 2018இல் திருத்தப்பட்டது. கார்டைக் கையிலிருந்து விடும் முன்பே செயலியில் லைசென்ஸை இறக்கித் திறந்து பாருங்கள். கைபேசியில் எடுத்த வெறும் படம் இதற்கு ஈடாகாது.

இனி, கார்டு உங்கள் கைக்கு வரும் விதம். 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவு அஞ்சலில்தான் வருகின்றன. அலுவலகத்தில் கையில் தருவதில்லை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிற வாடகைக் குடித்தனக்காரருக்கு இது ஒரு சோதனை. பெரிய குடியிருப்பில் கதவு எண், மாடி, பிளாக் விடுபட்டால் தபால்காரருக்கு வீடு தெரியாது. ஆதாரில் முகவரி மாற்றும்போதே இவற்றை முழுதாக எழுதுங்கள், அதுதான் லைசென்ஸ் முகவரியாகவும் அஞ்சல் முகவரியாகவும் வந்து நிற்கும். விண்ணப்பத்தில் நடப்பிலுள்ள கைபேசி எண்ணைக் கொடுங்கள். கார்டு திரும்பிப் போய்விட்டால், சுயமுகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையை அலுவலகத்தில் கொடுத்து மறுபடி அஞ்சலில்தான் பெற வேண்டியிருக்கும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

பழைய ஊர் அலுவலகத்தின் உதவி உண்மையாகவே தேவைப்படும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. கணினிக்கு முந்தைய காலத்தில் புத்தகமாகவோ லேமினேட் செய்த தாளாகவோ லைசென்ஸ் வாங்கியவர்கள் சாரதியில் எண்ணைக் கொடுத்தால் விவரமே இல்லை என்று வரலாம். அந்தப் பதிவேடு வாங்கிய அலுவலகத்தில் இருக்கிறது, கோவையில் இருப்பவர் அதைப் பார்த்து ஏற்ற முடியாது. அசலோடு மதுரை அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரும்படி கேட்க வேண்டும். சாமான் கட்டும் முன்பே, வீட்டிலிருந்தே சாரதியில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டால் இதற்காகத் தனியாக ஒரு லீவு போட்டு ஊர் திரும்ப வேண்டியிருக்காது. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று ஆதாரும் லைசென்ஸும் வேறுபட்டாலும் அப்போதே தெரிந்துவிடும்.

வண்டியையும் கூடவே கொண்டுபோகிறீர்கள் என்றால் லைசென்ஸைவிட ஆர்.சி.தான் அவசரம். சட்டத்தின் 49ஆம் பிரிவு அதற்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. படிவம் 33இல் தனி விண்ணப்பம். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதால் டி.என். 59 நம்பர் பிளேட்டை மாற்ற வேண்டியதில்லை.