நிறம் மாறும், வடிவம் மாறாது

மேலே உள்ள ஒளிப்படத்தை நன்கு உற்றுநோக்குக. இது பழவேற்காடு ஏரி. ஏரி என்று பெயர் பெற்றிருந்தாலும் இது கடலோடு தொடர்புடைய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சிய பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் பெருந்திரளாக வந்து கூடுகின்றன.

படத்தின் நடுவே ஆழமில்லாத நீரில் பன்னிரண்டு பறவைகள் நிற்கின்றன. அவற்றுள் எட்டு, இளஞ்சிவப்புக் கலந்த வெண்ணிறம் உடையவை. மற்ற நான்கும் சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கிய நிறத்தில் உள்ளன. முதன்முறையாகக் காண்போர், இவற்றை இருவேறு இனங்கள் என்று குறித்துக்கொள்வர். அது சரியா?

நிறத்தைச் சற்றே மறந்து வடிவத்தை மட்டும் பார்ப்போம். பன்னிரண்டுக்கும் கழுத்து நீண்டு வளைந்துள்ளது. கால்கள் குச்சிபோல் நெடியவை. எல்லாவற்றினும் மேலாக, அலகு நடுவில் மடிந்து கீழ்நோக்கி வளைந்துள்ளது. இத்தகைய அலகு பூநாரைக்கே உரியது. ஆகவே, பன்னிரண்டும் பூநாரைகளே. மங்கிய நிறமுடைய நான்கும் இளம்பறவைகள்.

அவ்வாறாயின் நிறம் வேறுபடுவது ஏன்? பூநாரையின் சிவப்பு, உணவால் வருவது. தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் வைத்து, நீரை வடிகட்டிப் பாசிகளையும் சிறு இறால்களையும் அது உண்கிறது. அவ்வுணவில் உள்ள நிறமிகள் நாளடைவில் இறகுகளில் சேர்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் அலகு நேராக இருக்கும். வளர வளரவே வளையும். பறக்கத் தொடங்கும் பருவத்தில் உடல் சாம்பல் நிறமாகவும் கால்கள் கருமையாகவும் இருக்கும். முழு நிறமும் பெறச் சில ஆண்டுகள் ஆகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நம் நாட்டில் பெரும் பூநாரை, சிறு பூநாரை என இரண்டு இனங்கள் உள்ளன. சிறு பூநாரை உருவில் சிறியது. அதன் அலகு கருஞ்சிவப்பானது. தொலைவில் கறுப்பாகவே தோன்றும். இதனால் பெரும் பூநாரையின் இளம்பறவையைச் சிறு பூநாரை என்று தவறாகக் கருதுவதுண்டு. அலகை மீண்டும் பாருங்கள். இளம் பெரும் பூநாரைக்கு அலகு சாம்பல் நிறமாகவும் நுனி மட்டும் கறுப்பாகவும் இருக்கும். சிறு பூநாரைக்கோ அலகு முழுவதும் கருமை படர்ந்திருக்கும். இறகுகளில் சிவப்பும் மிகுதி. படத்தில் உள்ள நான்கின் அலகுகளிலும் நுனி மட்டுமே கறுப்பு. எனவே அவை பெரும் பூநாரையின் இளம்பறவைகளே.

இனிப் படத்தின் வலப்புறம் நோக்குக. அங்கே கூழைக்கடாக்கள் நீந்துகின்றன. அலகின் அடியில் பை தொங்குவதால் அவற்றை எளிதில் அறியலாம். முதிர்ந்த சாம்பல் கூழைக்கடாவின் மேலலகில் வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். முதல் ஆண்டில் இப்புள்ளிகள் தோன்றுவதில்லை. இளம்பறவையின் முதுகும் பழுப்பாக இருக்கும். இவை, காயலுக்கு அருகிலுள்ள நேலப்பட்டு சரணாலயத்தில், நீரில் நிற்கும் மரங்களின்மீது கூடு கட்டுகின்றன.

இடப்புறத்தில் நிற்பவை மஞ்சள் மூக்கு நாரைகள். முதிர்ந்த நாரையின் மார்பில் கரும்பட்டையும் வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளும் உண்டு. பழுப்பேறிய இளநாரைக்கு இவ்விரண்டும் இல்லை.

இந்த வேறுபாட்டை அறிவதால் என்ன பயன்? சனவரி மாதந்தோறும் நம் நாட்டில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். இளம்பறவைகளை வேறு இனமாக எழுதினால் கணக்கு பிழையாகும். சரியாகப் பிரித்து எழுதினாலோ, அண்மை ஆண்டுகளில் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்துள்ளன என்பது தெரியவரும். ஆயினும், அவை எங்கே பிறந்தன என்பதைப் படம் கூறாது. இந்தியாவில் பெரும் பூநாரைகள் பெருமளவில் கூடு கட்டும் இடம் குசராத்தின் கச்சு உவர்நிலம். படத்திலுள்ளவை அங்கிருந்துதான் வந்தன என்று உறுதி கூற இயலாது.

மாலை வெயிலில் எடுத்த படத்தில் வெள்ளைப் பறவையும் சிவந்து தோன்றும். ஆகவே, முதலில் வடிவம் கண்டு இனத்தை அறிக. பின்னர் நிறம் கண்டு பருவத்தை அறிக.

அருஞ்சொற்பொருள்
காயல் – கடலோடு இணைந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு
உவர்நீர் – உப்புநீர்
அலகு – பறவையின் மூக்கு
நிறமி – நிறம் தரும் பொருள்

பயிற்சி
1. பூநாரையை அதன் அலகால் எவ்வாறு அறியலாம்?
2. பூநாரையின் நிறத்திற்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. ஒரு கூழைக்கடாவின் மேலலகில் புள்ளிகள் இல்லை. முதுகு பழுப்பாக உள்ளது. அது எப்பருவத்தது? காரணம் எழுதுக.
4. பிரித்து எழுதுக: வெண்ணிறம், கரும்புள்ளி, இவ்விரண்டும்.
5. நீங்கள் வாழும் ஊரில் காணும் ஏதேனும் ஒரு பறவையின் குஞ்சும் தாயும் எவ்வாறு வேறுபடுகின்றன என ஐந்து வரிகளில் எழுதுக.