மூன்று பேர், ஒரு வீடு: வாடகையை எப்படிப் பிரிப்பது?

வேளச்சேரியில் மாதம் 24,000 ரூபாய் வாடகையில் இரண்டு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். அட்டாச்டு பாத்ரூம் உள்ள பெரிய அறையில் ஒருவர், சின்ன அறையில் இருவர். தலைக்கு 8,000 என்று பிரிப்பது சுலபம்தான். ஆனால் சின்ன அறையில் நெருக்கிப் படுக்கிற இருவருக்கும் நாலாவது மாதமே மனம் கசந்துவிடும். சம்பளத்துக்கு ஏற்பப் பிரிப்பது உடன்பிறந்தவர்களுக்குச் சரிப்படும். நண்பர்களுக்கு வேண்டாம், யாருக்காவது சம்பளம் ஏறும்போதெல்லாம் பேச்சு புதிதாகத் தொடங்கும்.

நான் சொல்வது அறைக்கணக்கு. ஹால், சமையலறைக்கு வாடகையில் பாதி: தலைக்கு 4,000. மீதி 12,000-ஐ அறைகளுக்கு வையுங்கள். பெரிய அறைக்கு 7,000, சின்னதற்கு 5,000 என்றால், தனியறைக்காரர் தருவது 11,000. மற்ற இருவரும் ஆளுக்கு 6,500. பெரிய அறைக்கு எவ்வளவு என்பதில் இழுபறி வந்தால், அவரவர் தர விரும்பும் தொகையைச் சீட்டில் எழுதட்டும். அதிகம் எழுதியவருக்கு அந்த அறை.

அடுத்த சண்டை கரண்ட் பில்லில் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலைதான். ஒருவர் அறையில் மட்டும் ஏசி இருந்தால் சமமாகப் பிரிப்பது அநியாயம். எலக்ட்ரீஷியனை வைத்து ஏசி லைனில் சப் மீட்டர் மாட்டுங்கள். மொத்தம் 620 யூனிட், அதில் ஏசி 380 என்றால், மீதி 240 யூனிட்டுக்கு மட்டும் என்ன பில் வரும் என்று மின்வாரியத்தின் இணையதளத்தில் பாருங்கள். அந்தத் தொகை மூவருக்கும் பொது. அதற்கு மேல் வருவது முழுக்க ஏசிக்காரருடையது.

மளிகையில் அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர் மட்டும் பொதுக்கணக்கில் இருக்கட்டும். முட்டை, பழம், நொறுக்குத்தீனி அவரவர் செலவு. வாராவாரம் ஊருக்குப் போகிறவருக்கு எவ்வளவு கழிவு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டு வேலைக்கு, பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் ஓர் அக்காவை வைத்துச் சம்பளத்தைப் பகிர்வதே என் தேர்வு. அது கட்டுப்படியாகாவிட்டால் வேலையின் பெயரோடு முடிக்கவேண்டிய நேரத்தையும் எழுதுங்கள்: 'இரவுப் பாத்திரம், படுக்கப்போகும் முன்' என்பதுபோல.

பலரும் விட்டுவிடுவது அட்வான்ஸ். ஹவுஸ் ஓனரோடு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம்தான் அவர் முழு வாடகையையும் கேட்பார்; உங்களுக்குள் எழுதிய காகிதம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மூவரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நல்லது. உங்கள் காகிதத்தில் யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார் என்பதும், காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும் இருக்கவேண்டும். போகிறவரின் பங்கைப் புதிதாக வருகிறவர் தருவார். ஒரு மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த மாத வாடகை போகிறவரின் அட்வான்ஸில் கழியுமா, இருப்பவர்கள் ஏற்பார்களா என்பதையும் அங்கேயே எழுதி, தேதி போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.