காலர் மைக்கா, ஷாட்கன் மைக்கா?

நம் சங்கத்தின் சார்பில் தெருவில் பேட்டி எடுக்கப் புறப்படும் நண்பர்கள், "எந்த மைக்கை எடுத்துச் செல்வது?" என்று என்னைக் கேட்பதுண்டு. சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்று. நீண்ட குழல் போன்ற ஷாட்கன் மைக் மற்றொன்று. ஷாட்கன் தொலைவிலுள்ள குரலைத் தன்னருகே இழுத்துக்கொள்ளும் என்பது பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தைச் சற்று ஆராய்வோம்.

எந்த மைக்கும் குரலை இழுப்பதில்லை. வந்து சேரும் ஒலியைத்தான் அது வாங்குகிறது. திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால், குரல் 6 டெசிபல் குறைகிறது. சாலை இரைச்சலோ நாற்புறமும் பரவி நிற்பது; மைக்கை நகர்த்தினாலும் அது குறைவதில்லை. ஆகவே குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை முதலில் தீர்மானிப்பது மைக்கின் வகையன்று, தொலைவே.

ஷாட்கன் செய்யும் உதவி வேறு. பக்கத்திலிருந்து வரும் ஒலி அதன் குழலிலுள்ள துளைகள் வழியே வெவ்வேறு நேரத்தில் நுழைந்து, தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஆனால் ஒலியின் அலைநீளம் குழலைவிடச் சிறியதாயிருந்தால்தான் இது நன்றாக நடைபெறும். குழலின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். பேருந்து எஞ்சினின் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அலைநீளமோ 3.4 மீட்டர்! அந்த உறுமலைக் குழல் தடுக்காது. உள்ளேயிருக்கும் ஒலியுணர் தகட்டின் திசைத்தன்மை மட்டுமே ஓரளவு குறைக்கும். நாற்புறமும் பரவிய இரைச்சலில் அதனால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 6 டெசிபல் என்று கொள்ளலாம். கீச்சென்ற ஒலிகளில் இன்னும் சிறிது கூடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். டில்லியில் விசுவவித்யாலயா மெட்ரோ நிலையத்தருகே, சாலையோரத்தில் தேநீர்க் கடைக்காரர் ஒருவரைப் பேட்டி காண்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலர் மைக் அவர் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. காமிராவின் தலையில் பொருத்திய ஷாட்கன் 160 சென்டிமீட்டரில் இருக்கிறது. தொலைவு எட்டு மடங்கு, அதாவது மூன்று முறை இருமடங்கு. குரல் 18 டெசிபல் குறைந்தது. ஷாட்கன் திருப்பித் தருவது 6. எஞ்சிய 12 டெசிபல் நமக்கு நட்டமே. அதே ஷாட்கனைக் கம்பில் கட்டி, அவர் தலைக்கு முன்னே மேலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால், இழப்பு 6, ஆதாயம் 6, இரண்டும் சமம். எனவே நான் கைக்கொள்ளும் விதி இது: காலர் மைக்கின் தொலைவைப்போல் இருமடங்குக்குள் ஷாட்கனைக் கொண்டுவர முடியாவிட்டால், காலர் மைக்கையே குத்துங்கள்.

கம்பைப் பிடிக்கும்போது மைக் மேலிருந்து கீழ்நோக்கியே இருக்கட்டும். அப்போது அதன் பார்வை முடியுமிடம் தரையாகும். கிடையாக நீட்டினால், கடைக்காரருக்குப் பின்னால் ஓடும் சாலையையும் அது நேராகப் பார்த்துவிடும்.

காலர் மைக்கிலும் ஒரு தொல்லை உண்டு. அது துணியின் உராய்வு. தேநீர் ஆற்றுகிறவர் கையை உயர்த்துவார். குளிர்காலமாயின் கம்பளிச் சால்வை வேறு. உராய்வுச் சத்தம் சொல்லின் மேலேயே விழுவதால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது அரிது. மைக்கின் கம்பியைச் சிறு வளையமாக மடித்து உட்புறம் டேப்பால் ஒட்டுங்கள். பேட்டிக்கு முன் அவரை இரண்டு முறை தேநீர் ஆற்றச் சொல்லி, ஹெட்போனில் கேளுங்கள். சரசரப்பு நிற்கவில்லையென்றால் ஷாட்கனுக்கு மாறவேண்டியதுதான்.

ஷாட்கன் வெல்லும் வேறிடங்களும் உண்டு. வழிப்போக்கர் பலரிடம் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போது, ஒவ்வொருவருக்கும் மைக் குத்த நேரமிராது. கடையருகே ஜெனரேட்டர் ஓடினால், இரைச்சல் ஒரே திசையிலிருந்து வருகிறது. ஹெட்போனில் கேட்டபடியே ஷாட்கனை மெல்லத் திருப்பி, அச்சத்தம் மிகவும் தாழும் கோணத்தில் நிறுத்தலாம். காலர் மைக் பெரும்பாலும் எல்லாத் திசையையும் ஒன்றுபோல் கேட்பதால், இந்த வசதி அதற்கில்லை. ஆனால் காற்றில் ஷாட்கன் எளிதில் தடதடக்கும். நுரையுறை மட்டும் போதாது, மயிருறை வேண்டும்.

ஐயமிருந்தால் அங்கேயே சோதித்துவிடுங்கள். ஒலிப்பதிவின் அளவை மாற்றாமல் பத்து விநாடி வெறும் இரைச்சலையும், பத்து விநாடி அவர் பேச்சையும் பதிவு செய்து, மீட்டரில் இரண்டின் வேறுபாட்டைப் பாருங்கள். மற்ற மைக்கிலும் அவ்வாறே செய்யுங்கள். எதில் வேறுபாடு மிகுதியோ, அதுவே அன்றைய மைக். அந்தக் கடைக்காரர் ஒருமுறை மனந்திறந்து சொன்னதை, மறுநாள் அதே சொற்களில் சொல்லமாட்டார் அல்லவா?