ரீஃபண்ட் ஓகே சொல்லியாச்சு, மெசேஜை எப்படி எழுதுறது?

நீங்க ஆன்லைன்ல ஒரு வகுப்பு நடத்துறீங்கன்னு வெச்சுக்குவோம். ஒருத்தர் கிரெடிட் கார்டுல ரூ.6,000 கட்டிச் சேர்ந்தார். கூரியர்ல புத்தகமும் அனுப்பிட்டீங்க. வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே அவர் விலகிட்டார். பணத்தைத் திருப்பித் தர நீங்களும் சம்மதிச்சு, "ரீஃபண்ட் அப்ரூவ் ஆகிவிட்டது, விரைவில் வரும்"னு ஒரு மெசேஜ் அனுப்புறீங்க.

மூணாவது நாளே போன் வரும், "பணம் எங்கங்க?" ஒருவழியா ரூ.5,470 போய்ச் சேர்ந்ததும் இன்னொரு போன், "மீதி 530 என்னாச்சு?" அப்போ நீங்க "பாலிசியிலயே போட்டிருக்கோமே"ன்னு ஆரம்பிப்பீங்க. சண்டை அங்கதான் தொடங்குது.

அதே மெசேஜை இப்படி எழுதிப் பாருங்க:

"வணக்கம். உங்கள் ரீஃபண்ட் ரூ.5,470-ஐ இன்று (ஜூன் 10, செவ்வாய்) அனுப்பிவிட்டோம். நீங்கள் கட்டியது ரூ.6,000. உங்களுக்கு அனுப்பிய புத்தகம் ரூ.450, கூரியர் ரூ.80 கழிக்கப்பட்டுள்ளது. நீங்கள் பணம் கட்டிய அதே கிரெடிட் கார்டுக்கே இது வரும்; வங்கிக் கணக்கில் அல்ல, கார்டு ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். வங்கிகள் வழக்கமாக 5 முதல் 7 வேலை நாள் எடுக்கும். ஜூன் 19, வியாழனுக்குள் வராவிட்டால் இதே எண்ணுக்கு எழுதுங்கள்."

கவனிச்சீங்களா, கையில வரப்போற தொகைதான் முதல்ல நிக்குது. பிடித்தம் எதுக்குன்னு பொருளோட பெயரும் விலையும் இருக்கு, அதுக்கு மேல ஒரு விளக்கமும் இல்லை. "தயவுசெய்து புரிந்துகொள்ளவும்", "ஏற்கெனவே தெரிவித்தபடி" மாதிரி வரிகள்தான் நம்மளைத் தப்பு பண்ணினவங்க மாதிரி காட்டும். கணக்கு சரியா இருந்தா அந்த வரிகளே தேவைப்படாது.

நேரத்தைச் சொல்லும்போது நீங்க அனுப்புற நாளையும் வங்கி வரவு வைக்கிற நாளையும் பிரிச்சுச் சொல்லணும். முதல் நாள் உங்க கையில, இரண்டாவது உங்க கையில இல்லை. "7 வேலை நாள்"னு மட்டும் போட்டா சனி, ஞாயிறைக் கழிக்கிற வேலை அவர் தலையில விழும். அதனால தேதியாவே எழுதுங்க.

ஒரு சங்கடமான விஷயம், பேமென்ட் கேட்வே கட்டணம். 2% பிடிக்கிறாங்கன்னா 6,000-க்கு ரூ.120, அதுமேல 18% ஜிஎஸ்டி சேர்த்து ரூ.141.60. ரீஃபண்ட் கொடுத்தாலும் பெரும்பாலும் இது உங்களுக்குத் திரும்பி வராது. சேரும்போதே இதைச் சொல்லலைன்னா இப்போ கழிக்காதீங்க, உங்க செலவா எழுதிக்கோங்க. எவ்வளவு நயமா எழுதினாலும் அந்தப் பிடித்தம் நியாயமாத் தெரியாது.

19-ம் தேதியும் பணம் வரலையா? கேட்வே டேஷ்போர்டுல அந்த ரீஃபண்டுக்கு நேரா `ARN`னு 23 இலக்க எண் இருக்கும். ரீஃபண்ட் போட்ட உடனே வராது, ஓரிரு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதை அவருக்கு அனுப்பி, கார்டு கொடுத்த வங்கிகிட்ட காட்டச் சொல்லுங்க; பணம் எங்க நிக்குதுன்னு அவங்க தேடிச் சொல்லிடுவாங்க.